பால்குடம் ஏந்தும் கை: தோள் கோணத்தை வைத்து அக்குளைச் சரிசெய்த விதம்

தைப்பூசக் காட்சி ஒன்றுக்காக, வேட்டி மட்டும் கட்டிய ஓர் ஆண் பாத்திரத்தை மாயாவில் ரிக் செய்தோம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குத் தலையில் பால்குடம் ஏந்தி நடக்கிறார். இரு கைகளும் குடத்தைப் பிடித்திருப்பதால் காட்சி முழுக்க அக்குளும் காறை எலும்பும் கேமராவுக்கு நேராக இருக்கும். மேலே சட்டை கிடையாது, மறைக்க வழியில்லை.

சாதாரண ஸ்கின்னிங்கோடு கையைத் தூக்கினால் நடப்பது எல்லா ரிக்கருக்கும் தெரியும். தோளின் மேற்பகுதி உள்ளே அமுங்கும், அக்குளில் வௌவால் இறக்கை மாதிரி ஒரு தோல் விரியும், காறை எலும்பின் வரி ரப்பர் போல இழுபடும். இதற்கு மருந்து, கை எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கேற்பக் கரெக்டிவ் ஷேப்புகளைக் கலப்பது. ஜே.பி. லூயிஸ், மேட் கார்ட்னர், சிங்கப்பூர்க்காரரான நிக்சன் ஃபோங் மூவரும் 2000ஆம் ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் வெளியிட்ட முறை இது. 2013இல் இதற்காக அவர்களுக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

ஷேப் செதுக்குமுன் எலும்பைச் சரிசெய்யவேண்டும். கை 180 பாகை மேலே போகும்போது ஏறக்குறைய 120 பாகைதான் தோள் மூட்டில் நடக்கிறது. மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. முதல் 30 பாகை வரை தோள்பட்டை பெரிதாக அசையாது, அதற்குப் பிறகுதான் கூடவே கிளம்பும். ஆகவே கை ஏற ஏறக் காறை ஜாயிண்டும் தோள்பட்டை ஜாயிண்டும் தானாகத் திரும்பும்படி முதலில் அமைத்தோம். அனிமேட்டர் வேண்டுமென்றால் மேலே கூட்டிக்கொள்ள ஒரு கன்ட்ரோலும் தனியாக வைத்தோம். ஜாயிண்ட் செய்யவேண்டிய வேலையை ஷேப் மீது சுமத்தினால், ஷேப் பெரிதாகும். பெரிய ஷேப் நேர்கோட்டில் நகர்வதால் பாதி வழியில் தசை உள்ளே வெட்டிக்கொண்டு போகும்.

அடுத்தது கோணத்தைப் படிப்பது. மேற்கை ஜாயிண்டின் `rotateZ` மதிப்பைப் பிடித்து டிரைவ் செய்வதுதான் பலரும் முதலில் கையாளும் வழி. கையைப் பக்கவாட்டில் தூக்கும்வரை அது வேலை செய்யும். முன்பக்கமாகத் தூக்கினால் அதே உயரத்துக்கு வேறு எண் வரும். ஜாயிண்டின் சுழற்சி வரிசையைப் பொறுத்து ஓரிடத்தில் மதிப்பு திடீரென்று தாவும். அதோடு, மேற்கையின் தாய் ஜாயிண்ட் தோள்பட்டை. அதுவும் நகர்வதால், அங்கே கிடைக்கும் கோணம் உடலைப் பொறுத்த கோணமாக இராது. அதனால் மேல் முதுகு ஜாயிண்டின் கீழ் `armRead_L` என்று ஒரு ஜாயிண்ட் வைத்து, அதை மேற்கையோடு `orientConstraint` மூலம் கட்டினோம். மார்பைப் பொறுத்துக் கை எங்கே நோக்குகிறது என்பதை அது சொல்லும். Pose Editor-இல் இதையே டிரைவராகக் கொடுத்து, எலும்பின் நீளவாக்கு அச்சை ட்விஸ்ட் அச்சாகக் குறித்து, போஸ்களை ஸ்விங் மட்டும் என்று வைத்தோம். முன்கையைத் திருப்பும்போது மேற்கையும் சற்றுத் திரும்புமல்லவா, அந்தத் திருப்பம் அக்குளைத் தொடக்கூடாது.

நடுநிலை போஸ் எது என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்விங் கணக்குக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: நடுநிலைக்கு நேர் எதிர்த்திசை. அங்கே எந்த அச்சைச் சுற்றித் திரும்பியது என்பதைத் தீர்மானிக்க முடியாது, மதிப்பு துடிக்கும். கை கீழே தொங்குவதை நடுநிலையாக வைத்தால் அந்தப் புள்ளி நேர் மேலே விழும், அதாவது நமக்குத் தேவையான இடத்திலேயே. எங்கள் மாடல் கையை 45 பாகை விரித்த நிலையில் பைண்ட் செய்யப்பட்டது. அதையே நடுநிலையாக்கினோம். அதற்கு எதிர்த்திசை கழுத்துக்குக் குறுக்கே மேல்நோக்கிப் போகிறது. அங்கே கை போகாது.

இனி போஸ்கள். கை கீழே, பக்கவாட்டில் 90, முன்னால் 90, நேர் மேலே என்று தொடங்கினோம். இந்த இடத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. பால்குடம் பிடிக்கும்போது மேற்கை சுமார் 130 பாகை உயரத்தில், பக்கவாட்டிலிருந்து 35 பாகை முன்னால் தள்ளி நிற்கிறது. அந்தத் திசைக்கும் பக்கவாட்டுப் போஸுக்கும் இடையே 51 பாகை, முன் போஸுக்கு 64, நேர் மேலே உள்ளதற்கு 50. ஒவ்வொரு போஸுக்கும் தனித்தனியாக 90 பாகைக் கூம்பு வைத்து, தூரம் கூடக்கூட வெயிட் நேராகக் குறையும்படி விட்டால் 0.43, 0.29, 0.44 என்று வரும். கூட்டினால் 1.16. மூன்று ஷேப்பும் ஒரே இடத்தில் தோள் தசையை உப்பச்செய்வதால், காட்சி முழுக்க நிலைக்கும் அந்த ஒரே போஸில் தோள் வீங்கித் தெரியும். மாயாவின் இன்டர்போலேட்டர் எல்லாப் போஸையும் சேர்த்துச் சமன்பாடாகத் தீர்க்கிறது. ஒரு போஸில் நிற்கும்போது அது 1, மற்றவை 0. ஆனாலும் இடைப்பட்ட திசையில் கிடைப்பது கலவைதான், யாரும் செதுக்கிய வடிவம் அன்று. பாத்திரம் வாழும் போஸுக்கு என்று ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். எனவே ஐந்தாவதாகப் பால்குடப் போஸையே சேர்த்தோம்.

சேர்க்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. புதிய போஸைப் பதிந்தவுடன் பழைய ஷேப்புகள் அங்கே பூஜ்யமாகிவிடும். பழையவை இயங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அவற்றின் மேல் செதுக்கி, அந்த வித்தியாசத்தை மட்டும் சேமித்தால், பிறகு அடித்தளமே காணாமல் போன மாதிரி தோள் இளைத்துத் தெரியும். முதலில் போஸைப் பதியுங்கள், மற்ற வெயிட்கள் 0 ஆகிவிட்டனவா என்று பாருங்கள், அதன்பின் வெறும் ஸ்கின்னிங் மேல் முழு வடிவத்தையும் செதுக்குங்கள்.

செதுக்கும்போது எதைப் பார்ப்பது? அக்குள் ஒரு குழி. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு சுவர்கள். முன்சுவர் மார்புத் தசையின் கீழ் விளிம்பு, பின்சுவர் முதுகிலிருந்து வரும் அகன்ற தசை. கை தொங்கும்போது இரண்டும் தடித்து மடிந்திருக்கும். கை ஏறும்போது இரண்டும் இழுபட்டு மெலிந்து, நடுவில் குழி ஆழமாகத் திறக்கும். பெரும்பாலான ரிக்குகளில் இந்தக் குழி தட்டையான ஒரே தோலாக நிரம்பியிருப்பதுதான் பொம்மைத்தனம் தருகிறது. முன்சுவரின் விளிம்பை மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் போய்ச் சேரும்படி இழுத்து, அதற்குப் பின்னால் குழியைத் தோண்டினாலே பாதி வேலை முடிந்தது. மார்புக் காம்பு சற்று மேலேறவேண்டும். தோளின் உச்சியில் தசை திரண்டு, எலும்பு முனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழவேண்டும்.

காறை எலும்பைக் கண்ணால் நம்பிச் செதுக்கவேண்டாம். ஒருவரின் காறை எலும்பு மேட்டில் புருவ மையால் ஒரு புள்ளி வைத்து, கையைத் தூக்கச் சொல்லுங்கள். எலும்பு மேலேறித் தோலின் அடியில் நழுவும். புள்ளி மேட்டைவிட்டு விலகி நிற்கும். ரிக்கில் தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டே போவதால்தான் அந்த வரி இழுபடுகிறது. காறை ஜாயிண்டின் கீழ், மார்பு நடு எலும்பிலிருந்து தோள் முனை வரை ஒரு மெல்லிய உருளையைக் கோத்தோம். அதன் நீளம் மாறாது. எல்லாப் போஸிலும் தோலின் மேடு அந்த உருளைமேல் விழும்படியும், அதற்கு மேலுள்ள கழுத்துக் குழி ஆழமாகும்படியும் செதுக்கினோம். இந்த ஷேப்புகளுக்கு டிரைவர் காறை ஜாயிண்டின் சொந்தக் கோணம், `armRead_L` அன்று. கை தொங்கியபடி தோளை மட்டும் குலுக்கினாலும் காறை சரியாக இருப்பதற்கு இந்தப் பிரிவினைதான் காரணம். கை தூக்கும்போது காறை தானாகத் திரும்புவதால் ஷேப்பும் தானாக வந்துவிடும்.

செதுக்கியதை ஸ்கின்னிங்குக்கு முந்தைய நிலைக்குத் திருப்பவேண்டும். ரிக் அந்தப் போஸிலேயே நிற்கும்போது இதை ஓட்டுங்கள்:

```python
import maya.cmds as cmds
cmds.loadPlugin('invertShape')
cmds.invertShape('body_geo', 'body_kudam_sculpt')
```

இந்தக் கட்டத்தில்தான் அக்குளில் முள் முளைக்கும். இரண்டு ஜாயிண்டுகளுக்குச் சரிபாதி வெயிட் உள்ள புள்ளியில், அவற்றுக்கிடையே கோணம் θ என்றால், ஸ்கின்னிங் அந்த இடத்தை cos(θ/2) அளவுக்குச் சுருக்குகிறது. திருப்பும்போது அதே அளவால் வகுக்கவேண்டும். பைண்ட் 45, கை நேர் மேலே 180 என்றால் மார்புக்கும் மேற்கைக்கும் இடையே 135 பாகை, cos 67.5 என்பது 0.38. ஒரு மில்லிமீட்டர் செதுக்கினால் ஷேப்பில் 2.6 மில்லிமீட்டர் பதியும். செதுக்கிய போஸில் எல்லாம் அழகாக இருக்கும். பத்துப் பாகை கையை இறக்கினால் புள்ளிகள் வெளியே குத்தும். இதைக் கண்டறிய, ஷேப்பைப் பைண்ட் போஸில் 1 என்று வைத்துப் பாருங்கள். செதுக்கியதைவிடப் பன்மடங்கு துருத்தும் புள்ளிகள்தான் குற்றவாளிகள்.

அவற்றை ஸ்மூத் செய்து மழுப்பினால் அடுத்த போஸில் திரும்ப வரும். வெயிட்டைத் திருத்துவதே தீர்வு. அக்குள் புள்ளிகளை மார்புக்கும் மேற்கைக்கும் நேராகப் பங்கிடாமல், நடுவே தோள்பட்டை ஜாயிண்டை நுழைத்தோம். பைண்டிலிருந்து உச்சிவரை தோள்பட்டை சுமார் 55 பாகை எடுத்துக்கொள்ள, அதற்கும் மேற்கைக்கும் மிஞ்சுவது 80 பாகை. பெருக்கம் 2.6 மடங்கிலிருந்து 1.3 மடங்குக்கு இறங்கியது. முள் போயிற்று, ஆனால் முந்தைய ஷேப்புகளையும் புதிய வெயிட்டுக்கு ஏற்பத் திரும்பத் திருப்ப வேண்டியிருந்தது. ஆகவே வெயிட் முடிந்தபிறகே செதுக்கத் தொடங்குவது வேலையை மிச்சப்படுத்தும்.

சோதனைக்குக் கையைக் கீழிருந்து உச்சிவரை பக்கவாட்டில் ஒரு முறை, முன்னால் ஒரு முறை, பிறகு முழு வட்டமாக ஒரு முறை மெதுவாக ஓட்டினோம். மெஷ்ஷைப் பார்ப்பதோடு Graph Editor-இல் வெயிட் வளைவுகளையும் பார்க்கவேண்டும். ஓர் ஷேப் தன் போஸுக்கு வெகு தொலைவிலும் 0.1, 0.2 என்று எட்டிப்பார்த்தால் அந்தப் போஸின் வீச்சு அகலம். குறைத்தால் அடங்கும், அதிகமாகக் குறைத்தால் போஸுக்குப் போஸ் இடையே தோள் வெறும் ஸ்கின்னிங்குக்கு விழுந்து எழும். எதிர்மறை வெயிட்களை அணைத்துவைத்தோம், ஏனென்றால் தலைகீழாக ஓடும் அக்குள் ஷேப் குழியை மேடாக்கிவிடும்.

வலப்பக்கத்துக்கு ஷேப்பை மிரர் செய்யுமுன் மெஷ் பைண்ட் போஸில் உண்மையிலேயே இருபுறமும் சமமா என்று பார்த்துவிடுங்கள். கேம் என்ஜினுக்கு அனுப்புவதானால் இன்டர்போலேட்டர் கூடவே போகாது. ஷேப்புகள் மட்டும் போகும். வெயிட்களை அனிமேஷனோடு பேக் செய்து அனுப்பவேண்டும், அல்லது அதே கணக்கை அங்கே மறுபடி கட்டவேண்டும்.