காலி டின்னின் எடை

நம் பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரட்டைத் தட்டுத் தராசு பலருக்கு நினைவிருக்கும். சார் அதில் ஆக்சாலிக் அமிலம் எடுத்துக் காட்டுவார். மூடியுள்ள சின்னப் புட்டியில் தூளைப் போட்டு எடை பார்ப்பார். கொஞ்சத்தைக் குடுவையில் தட்டிவிட்டு, புட்டியைக் கழுவாமல், துடைக்காமல் அப்படியே மறுபடி நிறுப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குடுவைக்குள் போன எடை. புட்டியின் ஓரத்தில் ஒட்டிய தூள் இரண்டு நிறுவையிலும் இருப்பதால் கணக்கிலிருந்து தானாகவே விலகிவிடும்.

அயல்நாட்டில் இருந்துகொண்டு வேலூர் வீட்டு எண்ணெய்க் கணக்கைப் பார்க்க எனக்கு அந்தப் பாடம் பயன்பட்டது. அண்ணி குடியாத்தம் பக்கத்துச் செக்கில் டின் கணக்கில் கடலெண்ணெய் வாங்குவார்கள். அண்ணன் கடையில் 30 கிலோ வரை நிறுக்கும், 5 கிராமுக்கு ஒரு படி நகரும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஒருநாள் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. முழு டின் 14.640. எண்ணெயைத் தூக்குகளில் ஊற்றிய பிறகு காலி டின் 1.045. "தம்பி, 15 கிலோ டின்னுன்னு காசு வாங்கிட்டு 13.595 தான் இருக்கு. ஒன்றரைக் கிலோ கிட்டக் குறையுது, கேட்டுடவா?" என்று கூடவே ஒரு குரல் செய்தி.

முதலில் படங்களையே சரிபார்க்கச் சொன்னேன். சிவப்பு எண்கள் எரியும் தராசைக் கைபேசியில் எடுத்தால் எண்ணின் ஒரு கோடு விழாமல் போகும். விளக்குகள் வேகமாக அணைந்து எரிவதை நம் கண் பிடிக்காது, கேமரா பிடித்துவிடும். நடுக்கோடு விழாத 8, பூஜ்யமாகத் தெரியும். புள்ளியும் மறைந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு மூன்று படம் வேண்டும், டின்னை வைக்கும் முன் வெறும் தட்டில் 0.000 காட்டும் படமும் வேண்டும். இரண்டு நிறுவைக்கும் இடையில் யாரும் தராசைப் பூஜ்யமாக்கும் TARE பொத்தானைத் தொடாமல் இருந்தால், தராசு 20 கிராம் கூட்டிக் காட்டினாலும் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். நடுவில் தொட்டுவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. மூடியையும் கேட்டேன். முழு டின்னோடு மூடி இருந்தால் காலி டின்னோடும் அது இருக்க வேண்டும். அண்ணி இரண்டு முறையும் சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

எண்கள் சரிதான். ஆனால் 1.045 எந்தக் காலி? சார் செய்தது போல் கழுவாத டின் அது. 14.640 கழித்தல் 1.045 என்பது டின்னிலிருந்து தூக்குக்கு வந்த எண்ணெய். நமக்குத் தேவை, செக்குக்காரர் ஊற்றிக் கொடுத்த எண்ணெய். சுவரிலும் மூலையிலும் ஒட்டியதும் அவர் கொடுத்ததுதானே? சரி, டின்னைச் சோப்புப் போட்டு அலசி, கவிழ்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து நிறுக்கச் சொன்னேன். உள்ளே தண்ணீர் நின்றுவிட்டால் அந்த எடையும் ஏறி, எண்ணெய் குறைந்தது போலக் காட்டும். மறுநாள் படத்தில் 0.985. ஆக 60 கிராம் டின்னிலேயே ஒட்டியிருந்திருக்கிறது. டின்னில் இருந்த எண்ணெய் 13.655 கிலோ.

அப்படியும் 15 வரவில்லையே என்றார்கள் அண்ணி. பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் 15 லி என்றிருந்தது. கடலெண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம். 13.655ஐ 0.91 ஆல் வகுத்தால் 15 லிட்டருக்குச் சரியாக வருகிறது. செக்குக்காரர் மேல் ஒரு குறையும் இல்லை. கழுவாத டின் எடையை வைத்து வகுத்திருந்தால் 14.94 லிட்டர் வந்து, நியாயமான மனிதர் மேல் வீண் சந்தேகம் வந்திருக்கும்.

சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 15 கிலோ என்றால் சுமார் 16.5 லிட்டர் எண்ணெய். விலையை ஒப்பிடுகிறவர்கள் லிட்டர் டின் விலையை 13.65 ஆல் வகுத்துக் கிலோ விலைக்குக் கொண்டுவந்த பிறகே எது மலிவு என்று சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போனால் அளவுச் சொம்பால் அளந்து பார்க்கலாமே என்று சிலர் நினைப்பீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் எண்ணெய் விரியும். 30 டிகிரியிலிருந்து 40க்கு ஏறினாலே 15 லிட்டரில் ஏறத்தாழ 100 மில்லி கூடுதலாகத் தெரியும். எடையில் அந்தக் குழப்பம் கிடையாது. இந்தத் தராசின் 5 கிராம் படியால் மட்டும் ஒவ்வொரு நிறுவையும் இரண்டரை கிராம் வரை முன்பின் இருக்கும், கழித்த பிறகு 5 கிராம் வரை. 50 கிராம் குறைவென்றால் தைரியமாகக் கேட்கலாம், 5 கிராமுக்காகச் சண்டைக்குப் போக முடியாது.

இப்போது அண்ணி எண்ணெய் இறங்கிய அன்றே வெறும் தட்டு, முழு டின், காய்ந்த டின், பில் என்று வரிசையாகப் படம் அனுப்பிவிடுகிறார்கள். கழித்தலையும் அவர்களே போட்டுவிடுகிறார்கள்.