விதைக்கிழங்கை ஜனவரி வரை வைத்திருப்பது: சாக்கு, தட்டு, பிரிட்ஜ்

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வியாபாரத்துக்கு இல்லை, வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஆகிற அளவுதான். கார்போகப் பருவத்தில் போட்ட குப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கைச் செப்டம்பர் தொடக்கத்தில் எடுத்தேன். அதிலேயே விதைக்கு ஒதுக்கி ஜனவரிக் கடைசியில் அடுத்த பருவமான நீர்போகத்துக்கு நட வேண்டும். நடுவில் கிட்டத்தட்ட ஐந்து மாதம். குப்ரி ஜோதி அறுவடைக்குப் பிறகு எட்டிலிருந்து பத்து வாரம் வரைதான் உறங்கும், அதாவது எங்கே வைத்தாலும் முளைக்காமல் கிடக்கும். மீதி நாட்களில் அதை எந்த நிலையில் வைத்திருப்பது என்பதைத்தான் இந்த முறை ஒழுங்காகக் குறித்துவைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர்

அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே தழையை அறுத்துவிட்டேன். தழை போனால்தான் மண்ணுக்குள் தோல் முற்றும். ஒரு கிழங்கைத் தோண்டி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். தோல் உரிந்து வந்தால் இன்னும் விட வேண்டும். எடுத்த கிழங்கை உடனே மூட்டை கட்டாமல் நிழலில் குவித்து, மேலே ஈரமில்லாத சாக்கைப் போட்டு இரண்டு வாரம் விட்டேன். மண்வெட்டி பட்ட சிறு கீறல்கள் அந்த நாட்களில் தக்கை கட்டி ஆறிவிடும். ஆழமாக வெட்டுப்பட்டவை எல்லாம் குழம்புக்கு.

விதைக்கு 40 முதல் 50 கிராம் வரை உள்ளவற்றைப் பொறுக்கி மூன்று பங்காக்கினேன். ஒரு பங்கு சணல் சாக்கில், மாடிப்படிக்குக் கீழே உள்ள இருட்டு அறையில். இன்னொரு பங்கு வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில், மரத்தட்டுகளில் ஒரே அடுக்காக. நேர்வெயில் படாது, ஆனால் பகல் முழுக்க வெளிச்சம் இருக்கும். மூன்றாவது பங்கு துணிப்பையில், பழைய பிரிட்ஜின் கீழ்த்தட்டில். பின்சுவரை ஒட்டி வைக்கவில்லை. அங்கே சில வேளை உறைநிலைக்குப் போய்விடும், கிழங்கு உறைந்தால் அப்புறம் அது விதை இல்லை, கூழ். வெப்பமானி வைத்துப் பார்த்ததில் பிரிட்ஜ் நாலு ஐந்து டிகிரியில் நின்றது. படிக்கீழ் அறையும் தாழ்வாரமும் 14க்கும் 20க்கும் நடுவே ஏறி இறங்கின.

அக்டோபர், நவம்பர்

அக்டோபரில் மூன்று இடத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. நான் பார்க்க விரும்பியது வேறொன்று. அக்டோபர் முதல் வாரத்தில் பிரிட்ஜிலிருந்து சில கிழங்குகளை வெளியே எடுத்துத் தாழ்வாரத் தட்டில் வைத்தேன். வெதுவெதுப்பான இடத்துக்கு வந்தும் கண் எதுவும் அசையவில்லை. நவம்பர் நடுவில் மறுபடி சிலவற்றை எடுத்து வைத்தேன். இவை இரண்டே வாரத்தில் முளை காட்டின.

இரண்டு முறையும் ஒரே பை, ஒரே குளிர், ஒரே தட்டு. வித்தியாசம் கிழங்குக்கு உள்ளே இருந்தது. அக்டோபரில் கிழங்கு உண்மையிலேயே உறக்கத்தில் இருந்தது. எவ்வளவு இதமான இடம் கொடுத்தாலும் கண் திறக்காது. நவம்பரில் உறக்கம் கலைந்துவிட்டது, குளிர்தான் முளையைப் பிடித்து வைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதைத் தவிர வீட்டில் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 'பிரிட்ஜில் வைத்தால் நன்றாகத் தூங்கும்' என்று பலர் சொல்வார்கள். 4 டிகிரியில் முளை வளராமல் நிற்கும், அவ்வளவுதான்.

சாக்கிலும் தட்டிலும் இருந்தவை எந்தக் குளிரும் தடுக்காமல் நவம்பர் நடுவில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண் திறந்தன. இரண்டு இடத்திலும் வெப்பம் ஒன்றுதான் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. முதலில் முளைத்தது தலைக்கண் மட்டும். தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த காம்புப் பக்கத்துக்கு எதிர்முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும், அதுதான் தலை. அந்த முளை முந்திக்கொண்டால் மற்ற கண்களை அடக்கி வைக்கும்.

சமவெளியில் கதையே வேறு. ஆக்ரா பக்கம் பிப்ரவரி மார்ச்சில் எடுத்த கிழங்கை அக்டோபரில்தான் நடுவார்கள். நடுவில் 40 டிகிரியைத் தாண்டுகிற கோடை. அந்தச் சூட்டில் உறக்கம் சீக்கிரம் கலைந்து, கிழங்கு வாடி, பாதி அழுகிவிடும். அதனால் விதைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரியில், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தில், கோல்டு ஸ்டோரேஜில் அடுக்குகிறார்கள். சமையலுக்கும் சிப்ஸுக்கும் போகிற கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் வைத்து, முளையைத் தடுக்க சி.ஐ.பி.சி. என்ற மருந்தைப் புகையாக விடுவதும் உண்டு. அது முளையின் செல் பிரிவதையே நிறுத்திவிடும். கடையில் வாங்கிய கிழங்கை மாடித்தோட்டத்தில் நட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம். கண் லேசாக உப்பி அப்படியே நின்றுவிட்டால் மருந்து பட்ட கிழங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

டிசம்பர்

சாக்கு கெட்டது இந்த மாதத்தில்தான். இருட்டில் முளை வெள்ளையாக நீண்டு, சணல் இழைகளுக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டது. விரல் நீளத்துக்கு மேல் போன முளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சாக்கை அவிழ்த்துக் கொட்டும்போதே பாதி ஒடிந்தன. கிழங்கின் தோல் சுருங்கி, கையில் அழுத்தினால் உள்ளே போனது. நீண்ட முளை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், சேமித்த மாவும் கரைந்துகொண்டே இருக்கும்.

தட்டில் அதே வயது முளை ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. குட்டையாக, தடித்து, கரும்பச்சையாக, அடியில் வேர்முனைகள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. விரலால் தட்டினாலும் ஒடியவில்லை. வெளிச்சம் முளையை நீள விடாது. மின்சாரம் இல்லாத மலைப்பகுதிகளில் பரவலான வெளிச்சத்தில் விதையை அடுக்கிவைக்கும் முறை இதை நம்பித்தான் நடக்கிறது. கிழங்கே பச்சையாகிவிடும், அதில் சொலனின் என்ற நச்சு கூடும் என்பதால் சமைக்கக் கூடாது. விதைக்குக் கெடுதல் இல்லை.

திறந்த தட்டில் இரண்டு தொந்தரவு. ஒன்று அசுவினிப் பூச்சி, இளமுளையில் வந்து உட்கார்ந்தால் வைரஸைக் கொடுத்துவிட்டுப் போகும். இன்னொன்று கிழங்கு அந்துப்பூச்சி. அது வந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம்: கண்ணைச் சுற்றிக் கருப்பான துகளும் மெல்லிய பட்டு நூலும் ஒட்டியிருக்கும், கீறினால் உள்ளே சுரங்கம் ஓடும். தட்டுகளைக் கொசுவலையால் மூடி, மேலே காய்ந்த உன்னிச்செடித் தழையைப் பரப்பினேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "வலை இருக்கறப்ப தழை எதுக்கு தம்பி?" என்று கேட்டார். வலை புதுசு, தழை பழசு, இரண்டும் இருக்கட்டும் என்றேன். வாரம் ஒருமுறை கையால் புரட்டிப் பார்த்து, அந்து கண்டதை உடனே எடுத்து எரித்தேன். உண்மையில் காப்பாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

பிரிட்ஜ் பங்கில் டிசம்பர் கடைசியிலும் சில தலைக்கண்களில் மட்டும் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளி. ஒரு கிழங்கை மெல்லிசாகச் சீவி எண்ணெயில் போட்டுப் பார்த்தேன். பொன்னிறம் வருவதற்குள் கருஞ்சிவப்பாகி, வாயில் லேசாகத் தித்தித்தது. குளிரில் மாவு சர்க்கரையாக மாறுகிறது, அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கருகுகிறது. சிப்ஸ் கிழங்கை யாரும் 4 டிகிரியில் வைக்காததற்குக் காரணம் இதுதான். நடுவதற்கு இதனால் பாதகம் இல்லை.

ஜனவரி

நடவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிரிட்ஜ் பங்கில் பாதியை வேறொரு துணிப்பையில் எடுத்தேன். குளிர்ந்த கிழங்கை நேராக வெளிக்காற்றில் கொட்டினால் அதன்மேல் நீர் முத்து முத்தாகக் கட்டும், அந்த ஈரத்தில்தான் அழுகல் பிடிக்கும். பெரிய கிடங்குகளில் ஒருநாள் 15 டிகிரி அளவில் உள்ள அறையில் வைத்து, மின்விசிறி ஓட்டி வெளியே அனுப்புவார்கள். நான் பையைத் திறக்காமல் படிக்கீழ் அறையில் ஓர் இரவு வைத்து, காலையில் தட்டில் பரப்பினேன். பாலித்தீன் பையாக இருந்திருந்தால் இது சரிப்படாது. மூச்சு முட்டி உள்ளே கருத்துவிடும்.

பரப்பிய பிறகு பார்க்க வேண்டியது முளையின் எண்ணிக்கை. தட்டிலேயே இருந்த பங்கில் பெரும்பாலும் தலைமுளை ஒன்று பெரிதாக, துணைக்கு ஒன்றிரண்டு. பிரிட்ஜ் பங்கில் நாலைந்து கண்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. நவம்பரில் தலைமுளை மட்டும் ஆட்சி செய்ய வேண்டிய கட்டத்தை அவை குளிரிலேயே கழித்துவிட்டன. அதனால் சூடு கிடைத்ததும் எல்லாக் கண்ணும் சேர்ந்து எழுந்தன. சாக்குப் பங்கில் ஒடிந்த முளைக்குப் பதிலாகப் புது முளைகள் வந்தன, ஆனால் நூல்போல மெலிந்து.

மூன்றையும் தனித்தனி வரிசையில் நட்டேன். பிப்ரவரி முடிவில் செடிக்கு எத்தனை தண்டு என்று பார்த்ததில் தட்டு வரிசையில் இரண்டு மூன்று, பிரிட்ஜ் வரிசையில் நாலைந்து. சாக்கு வரிசையில் ஆங்காங்கே இடைவெளி, முளைத்ததும் சோனி. தண்டு குறைந்தால் கிழங்கு குறைவாக, ஆனால் பெரிதாக வரும். தண்டு கூடினால் எண்ணிக்கை கூடி அளவு சிறுக்கும். சமையலுக்கு எனக்குத் தட்டு வரிசை போதும். விதைக்கென்றே நடுபவர்களுக்குச் சிறு கிழங்கு நிறைய வேண்டும் என்பதால் குளிர்முறைதான் தோது.

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் இந்த விதையில் கொஞ்சம் கேட்டார். கொடுக்கவில்லை. 1961இல் நீலகிரியில், உருளைச்செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது போய்விடும், போன இடத்தில் மண்ணிலேயே பல வருடம் கிடக்கும்.

அடுத்து கார்போகம். மே மாதம் நீர்போகக் கிழங்கை எடுத்து உடனே நட முடியாது, அது அப்போதுதான் உறங்க ஆரம்பித்திருக்கும். விவசாயிகள் அவசரத்துக்கு 100 கிலோவுக்கு 30 கிராம் கார்பன் டைசல்ஃபைடை மூடிய இடத்தில் ஆவியாக விட்டு எழுப்புவார்கள். அது விஷம், தீயும் சட்டென்று பிடிக்கும், வீட்டில் செய்கிற வேலை இல்லை. அதனால் செப்டம்பர் அறுவடையில் பிரிட்ஜ் பங்கில் பாதியை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறேன். ஏப்ரல் நடுவில் வெளியே எடுத்து மே முதல் வாரம் நடுவதாகத் திட்டம். ஆக்ராக்காரர்கள் வைக்கிற அளவு காலம்தான், ஆனால் என் பிரிட்ஜ் அவர்கள் கிடங்கைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடு, காற்றும் வறண்டது. கிழங்கு சுருங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பையை எடைபோட்டு வருகிறேன்.