பிளம்பர் வரும் நாளை மாற்றியபோது

சென்னையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும் வீட்டு பாத்ரூமில் ஃபால்ஸ் சீலிங் ஊறி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. கீழ் வீட்டு அக்கா பொறுமையானவர். தினமும் ஒரு வாளியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹவுஸ் ஓனரிடம் சொன்னதும், தனக்குத் தெரிந்த பிளம்பரை வியாழக்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொல்லி, அவருடைய நம்பரையும் எனக்கு அனுப்பினார்.

புதன் இரவு ஒன்பதரைக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு. வியாழன் காலை நான் கட்டாயம் அங்கே இருந்தாக வேண்டும். கணவர் ஊரில் இல்லை. பிளம்பருக்கு வாட்ஸ்அப்பில், "அண்ணா, நாளைக்கு முடியாது, சனிக்கிழமை பார்க்கலாமா?" என்று அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. சரி, போய்ச் சேர்ந்துவிட்டது என்று தூங்கப் போய்விட்டேன்.

அவர் அதைத் திறந்து பார்த்தது வியாழன் காலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் படிப்பவருக்கு 'நாளைக்கு' என்றால் வெள்ளிக்கிழமை. இன்றைய வேலைக்குத் தடையில்லை என்று நினைத்து 11 மணிக்கு வந்து நின்றார். வீட்டில் என் மாமியார் மட்டும். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியாது. கீழ் வீடு பூட்டியிருந்தது. பிளம்பர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அரை நாள் கூலி போன வருத்தம் அவருக்கு. யாரென்று தெரியாத ஆளை உள்ளே விட்டுவிட்டோமே என்ற பதற்றம் அத்தைக்கு. இரண்டுமே என் ஒரு வரியால் வந்தது.

பிளம்பரிடம் போனில் மன்னிப்புக் கேட்டபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. "மேல ஆள் இருந்தா மட்டும் பத்தாதும்மா. நான் மேல தண்ணி விடணும், கீழ ஒருத்தர் நின்னு பார்க்கணும். பைப் ஜாயின்ட் கீழ் வீட்டு சீலிங்குக்கு உள்ளதான் இருக்கும், வேலையே அங்கேர்ந்துதான் செய்யணும்" என்றார். அப்படியானால் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது கீழ் வீட்டு அக்காவைத்தான். அவரிடம் போய்க் கேட்டேன். சனிக்கிழமை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை இருப்பேன் என்றார். ஒன்றையும் கவனித்துச் சொன்னார்: நாங்கள் குளித்து முடித்த பிறகுதான் சொட்டுகிறது, இரவில் நின்றுவிடுகிறது. தண்ணீர் வரும் பைப் உடைந்திருந்தால் எந்நேரமும் சொட்டும். இது கழிவுநீர் போகும் வழியில்தான் என்று பிளம்பர் போனிலேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் இப்படி எழுதி அனுப்பினேன்:

"அண்ணா, வேலை 14ஆம் தேதி சனிக்கிழமை காலை 10 முதல் 12க்குள். அன்று காலையிலிருந்து நான் வீட்டில் இருப்பேன். கீழ் வீட்டில் அக்கா 2 மணி வரை இருப்பார், அவரிடமும் சொல்லிவிட்டேன். ஃபால்ஸ் சீலிங்கைத் திறக்க ஏணி வேண்டும். கிழமையும் நேரமும் திருப்பிச் சொல்லிவிடுங்கள்."

டைப் செய்வது அவருக்குப் பழக்கமில்லை. அதனால் இதையே வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பினேன். அரை மணியில் பதில் வாய்ஸ் வந்தது: "சனிக்கிழமை பத்தரைக்கு வரேம்மா, ஏணி எடுத்துட்டு வரேன்." அதைக் கேட்ட பிறகுதான் நிம்மதி. வெறும் 'சரி' என்று வந்திருந்தால் மறுபடியும் போன் போட்டிருப்பேன்.

ஓனருக்குத் தனியாக ஒரு மெசேஜ்: "சார், பிளம்பர் வேலை சனிக்கிழமைக்கு மாறியிருக்கிறது. சீலிங்கைத் திறந்து பைப் மாற்ற வேண்டி வரலாம். செலவை நீங்கள் நேரடியாக அவருக்குக் கொடுக்கிறீர்களா, நான் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளவா? 11 மணிக்கு மேல் போனில் கிடைப்பீர்களா?" தானே அனுப்பிவிடுவதாகவும், எந்த வேலையானாலும் தொடங்கும் முன் தன்னிடம் தொகையைச் சொல்லிவிட வேண்டும் என்றும் பதில் எழுதினார்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்குப் பிளம்பர் வந்தார். தரையில் இருக்கும் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் இறுக்கி அடைத்து, தரை நனைய ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கினார். ஒரு மணி நேரம் அக்கா கீழே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு சொட்டு இல்லை. அடைப்பை எடுத்த சில நிமிடத்தில், "வருது, வருது" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். தரை நன்றாகவே இருக்கிறது, கீழே பைப் ஜாயின்ட்தான் விட்டிருக்கிறது என்று உறுதியானது. டைல்ஸை உடைக்கத் தேவையே வரவில்லை. ஓனருக்குப் போன் போட்டுத் தொகையைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, கீழே ஏணி போட்டு, அந்த ஜாயின்டை வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டினார். பசை நன்றாக இறுக, ஞாயிறு காலைவரை அந்த பாத்ரூமில் தண்ணீர் விட வேண்டாம் என்றார்.

ஞாயிறு காலை அத்தை முதலில் குளித்தார். நான் கீழே போய் அக்காவோடு நின்று, திறந்திருந்த சீலிங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். புதிய ஜாயின்ட் காய்ந்த மேனிக்கே இருந்தது. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.