வெள்ளம் காணாமல் போன கோப்பு

1992 நவம்பரில் தாமிரபரணி கரை புரண்டு வந்ததைப் பற்றி ஆற்றங்கரைக்காரர்கள் சொன்ன நினைவுகளை ஒரு சிறு நூலாகத் தொகுத்திருந்தார்கள். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை மக்களின் பேச்சு அதில் அப்படியே இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் பதிவு செய்த பேச்சுகளோடு அதை ஒப்பிட வேண்டும். எந்தச் சொல் எத்தனை முறை, எதன் பக்கத்தில் வருகிறது என்று எண்ண வேண்டும். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது தலைப்பு தலைப்பாகப் பிரிந்த, சுத்தமான மார்க்டவுன் கோப்பு. கையில் இருந்ததோ ஒரு பிடிஎஃப்.

பாளையங்கோட்டையில் அந்த நூலை அச்சடித்த அச்சகத்துக்கே போனேன். "அண்ணாச்சி, இதோட மூலக் கோப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன். "பேஜ்மேக்கர் கோப்பு பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது தம்பி. பாமினியில் அடித்தது. பிடிஎஃப்தான் மிச்சம்" என்றார். பாமினி என்பது யூனிகோடுக்கு முந்தைய ஒரு தமிழ் எழுத்துரு. அந்த ஒரு சொல்லே எனக்குப் பாதி வேலையை முடித்துத் தந்தது.

பிடிஎஃபைத் திறந்தால் திரையில் அழகான தமிழ். ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் வருவது இது:

```
jhkpuguzpapy; nts;sk; te;jJ
```

"தாமிரபரணியில் வெள்ளம் வந்தது" என்பதுதான் அது. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். அந்த எண்களுக்குத் தமிழ் வடிவத்தை வரைவது எழுத்துரு மட்டுமே. இதைக் கண்டுபிடிக்க `pdffonts` என்ற கட்டளை போதும். எழுத்துருவின் பெயரில் `Bamini` என்று இருந்து, `uni` என்ற பத்தியில் `no` என்று வந்தால், யூனிகோடு வரைபடம் உள்ளே இல்லை என்று பொருள். படமாக வருடி எடுத்த பிடிஎஃபாக இருந்தால்தான் ஒளியெழுத்துணரிக்குப் போக வேண்டும். எழுத்து எண்ணாக உள்ளே இருக்கும்போது படமாக்கி மறுபடி வாசிப்பது, இருக்கும் துல்லியத்தை நாமே கெடுப்பதாகும். புள்ளிகள்தான் முதலில் உதிரும்.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் நிறைய உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வரிசை. உரை ஆய்வில் பழகியவர்களுக்குக் கை தானாகவே முதலில் நிறுத்தக்குறிகளை நீக்கப் போகும். இங்கே அது கூடவே கூடாது. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி, காற்புள்ளிதான் "இ". "இந்த" என்ற சொல் உள்ளே `,e;j` என்று இருக்கிறது. குறிகளை நீக்கினால் மிஞ்சுவது `ej`, அதாவது "நத". உண்மையான காற்புள்ளி `>` என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே மாற்றம் முதலில், சுத்தம் பிறகு.

இரண்டாவது, கலப்பு. நூலில் ஆங்கிலச் சுருக்கங்களும் ஊடே வருகின்றன. அவை வேறு எழுத்துருவில் இருக்கின்றன. முழு உரையையும் ஒரே மூச்சில் மாற்றினால் அவையும் பொருளில்லாத தமிழாகிவிடும். அதனால் `pdftotext` தரும் வெறும் உரையை விட்டுவிட்டு, துண்டு துண்டாக எழுத்துருப் பெயரையும் அளவையும் சேர்த்துத் தரும் பைம்யூபிடிஎஃப் நிரலகத்தை எடுத்துக்கொண்டேன்.

```python
for b in page.get_text("dict")["blocks"]:
    for l in b.get("lines", []):
        for s in l["spans"]:
            t = s["text"]
            if "Bamini" in s["font"]:
                t = bamini(t)
```

`bamini` என்பது மாற்று அட்டவணையை வைத்து நான் எழுதிய செயற்கூறு. `s["size"]` என்பது எழுத்தின் அளவு. உடல் எழுத்தைவிடப் பெரிதாக இருந்த வரிகளுக்கு, மார்க்டவுனில் தலைப்பைக் குறிக்கும் `##` போட்டேன். பக்கத்தின் மேல்விளிம்பில் திரும்பத் திரும்ப வரும் நூற்பெயரையும் பக்க எண்ணையும் அவை இருக்கும் உயரத்தை வைத்து நீக்கினேன். ஆனால் பக்க எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் உள்ளே வைத்திருக்கிறேன், சந்தேகம் வந்தால் மூலத்தைப் புரட்டிப் பார்க்க அது வேண்டும்.

வந்த உரை வாசிக்கத் தமிழாகத்தான் இருந்தது. சொற்களை எண்ணிப் பார்த்தேன். வெள்ளத்தைப் பற்றிய நூலில் "வெள்ளம்" ஒரு முறைகூட இல்லை. வெளியே, வெள்ளி, வெள்ளாளர் என எதுவுமே இல்லை. பட்டியலில் இருந்தது "வௌ்ளம்".

காரணம் எளிது. பாமினியில் "ள" எழுத்தும் ஔகாரத்தின் பின்பாதியும் ஒரே `s`. "வெள்ளம்" உள்ளே `nts;sk;`. மாற்று அட்டவணையில் நீளமானதை முதலில் மாற்றுவதுதான் முறை. இல்லாவிட்டால் "கொ" போன்றவை சிதறிவிடும். அந்த முறையில் `nts` என்பது "வௌ" என்று முதலில் பிடிபடுகிறது, மிஞ்சிய அரைப்புள்ளி அதன் தலையில் புள்ளியாக ஏறுகிறது. திரையில் இரண்டுக்கும் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாத எழுத்துருக்கள் பல உண்டு, அதனால்தான் இணையத்தில் எத்தனையோ பழைய கட்டுரைகளில் "வௌியீடு" இன்றும் அப்படியே கிடக்கிறது. தேடுபவருக்கு அந்தக் கட்டுரைகள் அகப்படவே மாட்டா. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

தீர்வைத் தமிழே தருகிறது. ஔகாரக் குறிக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே முடியாது. வந்தால் அது "ள"தான்.

```python
s = unicodedata.normalize("NFC", s)
s = re.sub("\u0BCC(?=[\u0BBE-\u0BCD])", "\u0BC6\u0BB3", s)
```

முதல் வரி, பிரிந்து கிடக்கும் ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே "ொ" ஆக்கும். இரண்டாவது, குறியோ புள்ளியோ தொடரும் ஔகாரத்தை "ெள" ஆக்கும். "கௌரவம்", "வௌவால்" ஆகியவற்றில் பின்னால் குறி எதுவும் இல்லை, எனவே அவை தொடப்படுவதில்லை. "வெளுத்த" போன்றவற்றில் "ளு"வுக்குப் பாமினியில் தனி எழுத்து உண்டு. அங்கே குழப்பமே இல்லை.

அடுத்து வரி முறிவு. தமிழ் அச்சில் சொல்லை வரிக்கடைசியில் இணைப்புக்கோடு இல்லாமலே உடைத்துவிடுகிறார்கள். வரிகளை இடைவெளி விட்டுச் சேர்த்தால் ஒரு சொல் இரண்டாகிறது, விடாமல் சேர்த்தால் இரண்டு சொல் ஒன்றாகிறது. பள்ளியில் படித்த மொழிமுதல் எழுத்து விதி இங்கே நேரடியாக உதவியது. புள்ளி வைத்த மெய்யிலோ, ண, ன, ற, ள, ழ வரிசையிலோ அடுத்த வரி தொடங்கினால், அது முந்தைய சொல்லின் மிச்சம், சேர்த்துவிடலாம். "ட"வை இதில் சேர்க்கவில்லை. டீ, டிக்கெட் எல்லாம் பேச்சில் வருகின்றன.

மற்ற எழுத்துகளுக்கு, சேர்த்த வடிவம் நூலில் வேறெங்காவது வரியின் நடுவே வருகிறதா என்று பார்த்து முடிவு செய்தேன். இதில் வசப்படாதது "கள்". வரித்தொடக்கத்தில் நிற்கும் "கள்" பன்மை விகுதியா, பனையிலிருந்து இறக்கியதா? நம் பக்கத்துப் பேச்சில் இரண்டுக்கும் இடம் உண்டு. அந்த வரிகளை மட்டும் தனியே எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

கடைசிச் சோதனையாக மூன்றைத் தேடினேன்: பாமினித் துண்டுகளில் எஞ்சிய ஆங்கில எழுத்து, இடைவெளிக்குப் பின் தனியே நிற்கும் உயிர்க்குறி, அடுத்தடுத்து இரண்டு குறிகள். எதுவும் அகப்படாத பிறகு, சில பக்கங்களை அச்சுப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். "தண்ணி", "போச்சு" போன்ற பேச்சு வடிவங்களை எந்த இடத்திலும் திருத்தவில்லை. ஒப்பிடப் போவதே அவற்றைத்தான். இப்போது பட்டியலின் உச்சியில் "வெள்ளம்" இருக்கிறது. 2023 பதிவுகளை அதே எழுத்து முறையில், அதே `NFC` வடிவில் அதன் அருகே வைத்திருக்கிறேன்.