2,000 டாலர் கான்ட்ராக்ட்: கைக்கு எவ்வளவு, எப்போது?

அமெரிக்க கிளையன்ட், மாதம் 2,000 டாலர், வங்கிக்கு வங்கி நாடு தாண்டிப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியே பணம், இன்வாய்ஸ் அனுப்பி 45 நாளில் பட்டுவாடா. கையெழுத்துப் போடும் முன் இதை ரூபாயாக்கிப் பார்க்க வேண்டும். கணக்குக்காக டாலர் 85 ரூபாய் என்று கொள்வோம். கூகுள் 1,70,000 காட்டும்.

கட்டணத்தை இரு தரப்பும் பகிர்வது என்று அனுப்பினால், இடையில் நிற்கும் வங்கி 20 டாலர் எடுத்துக்கொண்டதாக வைப்போம். வருவது 1,980. நம் வங்கி அதை 83.50க்கு மாற்றுகிறது: 1,65,330. வங்கிக் கட்டணம் வரியோடு 295, நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி 239. கடைசியில் கணக்கில் ஏறுவது 1,64,796. போன 5,204 ரூபாயில் 2,970 மாற்று விகிதத்திலேயே கரைந்தது. அது எந்த ரசீதிலும் கட்டணம் என்ற பெயரில் வராது. அதனால் வங்கியிடம் கேட்க வேண்டியது "சார்ஜ் எவ்வளவு" என்பதல்ல, "இன்று என்ன ரேட் தருவீர்கள்" என்பதுதான். அமெரிக்க உள்நாட்டுக் கணக்கு எண் தரும் சேவை வழியே வாங்கினால் இடைவங்கி வெட்டு பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்தச் சேவை அந்நியச் செலாவணி வரவுச் சான்று தருமா, பணம் எதற்கு வந்தது என்று சொல்லும் நோக்கக் குறியீட்டை, மென்பொருள் ஆலோசனைக்கு P0802 என்பதுபோல், சரியாகப் போடுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

தாமதம் இதைவிடப் பெரிய செலவு. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போட்டால், ஒன்றாம் தேதி செய்த வேலைக்குக் காசு வர ஏறக்குறைய 75 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், ஒரு கட்டத்தில் இரண்டரை மாத உழைப்பு, அதாவது 5,000 டாலர், கிளையன்ட் கையில் நிற்கும். அவர் காணாமல் போனால் இழப்பு அதுதான். 15 நாளுக்கொரு இன்வாய்ஸ், 15 நாளில் பணம் என்று மாற்றினால் சிக்குவது 2,000 டாலரோடு நிற்கும். ஸ்விஃப்டில் இடைவங்கி வெட்டு மாதம் இரண்டு முறை விழும். புது கிளையன்ட் என்றால் அந்த 20 டாலரைக் கொடுத்துவிடலாம்.

வரியில் பலர் தவறவிடுவது ஜிஎஸ்டி வரம்பு. ஆண்டுக்கு 24,000 டாலர், 83 ரூபாயில் 19.92 லட்சம், 85இல் 20.40 லட்சம். சம்பளம் ஏறாமலே, ரூபாய் சரிந்ததால் மட்டும் 20 லட்சம் தாண்டிவிடும், பதிவு கட்டாயமாகிவிடும். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்பதால் வருமானம் கணக்கில் சேராது என்று நினைப்பது தவறு. பதிவு செய்தபின் ஆண்டுதோறும் RFD-11 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் உறுதிமொழி தந்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். ரிட்டர்ன் மட்டும் விடாமல் போட வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் வெளிநாட்டவர் என்று அமெரிக்க வரிக்காக உறுதி சொல்லும், தனிநபருக்கான W-8BEN படிவத்தையும் முதல் இன்வாய்ஸோடு அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் இருந்தபடி செய்யும் வேலைக்கான வருமானத்துக்கு அமெரிக்காவில் பிடித்தம் இல்லை. படிவம் கையில் இல்லாத கணக்குப் பிரிவு, எதற்கும் இருக்கட்டும் என்று 30 சதவீதம் பிடித்து வைக்கக்கூடும்.