நடையில் 6 டைல் குறைந்தது, ஹாலுக்கும் சமையலறைக்கும் 7 மிஞ்சியது

எங்கள் வீடு டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. 1960-களில் மாநகராட்சி கட்டிய ஒட்டு வீடுகளில் ஒன்று. முன்ஹாலுக்கும் சமையலறைக்கும் டைல் போட்ட கதையைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு இரண்டு வருடம் முன்பு நடைக்கு டைல் போட்டபோது பட்ட அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நடை 6 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம். பரப்பு 7.8 சதுர மீட்டர். கடையில் 10 சதவீதம் சேதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சேர்த்தால் 8.58. நாங்கள் எடுத்தது 60-க்கு 60 சென்டிமீட்டர் டைல். ஒரு பெட்டியில் 4 டைல், அதாவது 1.44 சதுர மீட்டர். 6 பெட்டி வாங்கினோம், 24 டைல். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

டைல் போட வந்த தம்பி நடையை அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது பத்தாது" என்றார். 1.3 மீட்டர் அகலத்தில் இரண்டு முழு டைல் வைத்தால் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் கீற்று விழும். நீண்ட நடையில் ஒரு பக்கம் மட்டும் அப்படிக் கீற்று ஓடினால் பார்க்கச் சகிக்காது, சுவர் கொஞ்சம் வளைந்திருந்தாலும் அது அங்கேதான் தெரியும். அதனால் நடுவில் ஒரு முழு டைல், இரு பக்கமும் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் துண்டு என்று வைப்பதுதான் முறை. ஆனால் 60-இல் 35-ஐ வெட்டினால் மிஞ்சும் 25 எதிர்ப் பக்கத்துக்கு உதவாது. வரிசைக்கு 3 டைல், 10 வரிசை, ஆக 30 டைல். பரப்பைவிட 38 சதவீதம் அதிகம்! குறுகலான இடத்தில் சதவீதக் கணக்கு இப்படித்தான் கைவிடும்.

குறைந்த 6 டைலுக்காக மறுபடி அதே கடைக்குப் போய், அதே பெயர் போட்ட 2 பெட்டி வாங்கி வந்தோம். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், நடையின் கடைசி இரண்டு வரிசை மட்டும் லேசாக மஞ்சளடித்து நின்றது. பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஷேடு எண் வேறு என்று தெரிந்தது. டைல் பதிந்து காய்ந்தாயிற்று. இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது.

போன வருடம் புரட்டாசிக்கு முன் ஹாலையும் சமையலறையையும் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தபோது, முதலில் ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தேன். சமையலறை 3.6-க்கு 2.8 மீட்டர், நேர் வரிசை. டைலோடு 3 மில்லிமீட்டர் இடைவெளியும் சேர்த்தால் நீளவாக்கில் 6, அகலவாக்கில் 5, மொத்தம் 30. பரப்பு 10.08, 10 சதவீதம் கூட்டி டைலாக மாற்றினால் 31. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. அப்படி ஒத்துப்போனால் சதவீதத்தை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் வரைந்து எண்ணியதுதான் சரி.

ஹால் 5.2-க்கு 4 மீட்டர். அதை மூலைவாட்டில் போட வேண்டும் என்பது என் ஆசை. பழைய வீடு என்பதால் ஹாலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தோம். 3 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. சுவர்கள் செங்கோணத்தில் இல்லை என்று அர்த்தம். நேர் வரிசை போட்டிருந்தால் ஓரத் துண்டுகள் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருவது கண்ணில் படும். மூலைவாட்டில் அது அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் அதற்கு விலை சேதாரம். மூலைவாட்டில் நான்கு சுவர் ஓரமும் ஒவ்வொரு டைலும் வெட்டுப்படும். சரிபாதியாக வெட்ட முடிந்தால் இரண்டு முக்கோணமும் பயன்படும். எங்கள் ஹாலில் அப்படி அமையவில்லை. ஒரு டைலின் மூலைக்கு மூலை ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். அதை 5.2 மீட்டருக்குள் நடுவிலிருந்து பரப்பினால், சுவர் ஓரத்தில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு தேவைப்படுகிறது. வெட்டி மிஞ்சுவது சிறிய முக்கோணம். ஓரத்தில் விழும் சின்ன இடைவெளிகளுக்கு மட்டும் அது உதவும், மற்றது வீண். அதனால் 15 சதவீதம் வைத்தேன். 20.8 சதுர மீட்டர் 23.92 ஆனது, 67 டைல். ஹால் இதைவிடச் சிறியதாக இருந்திருந்தால் 20 வைத்திருப்பேன், ஏனென்றால் பரப்பு குறையக் குறைய ஓரத்தின் பங்கு கூடும். ஒரு பக்கமாக ஓடும் கல்வரி டைலுக்கும் அப்படித்தான். துண்டைத் திருப்பிப் போட்டால் வரி மாறிவிடும்.

ஆக 67-உம் 31-உம் 98. அது 25 பெட்டி. பின்னால் உடைந்தால் மாற்ற ஒரு பெட்டி கூட்டி 26.

அப்புறம்தான் ஷேடு விஷயம். டைல் சூளையில் சுடப்படுவது. மண்ணும் மேல்பூச்சும் சூடும் ஒவ்வொரு தடவையும் துளி மாறும். அதனால் சுட்ட பிறகு நிறம் பார்த்துப் பிரித்துப் பெட்டியில் ஷேடு எண் போடுகிறார்கள். கூடவே கேலிபர் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது டைலின் உண்மையான அளவைக் குறிப்பது. கேலிபர் மாறி டைலுக்கு 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், 5 டைல் தாண்டுவதற்குள் கோடு 1 சென்டிமீட்டர் விலகிவிடும். இரண்டு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடையில் கேட்டபோது ஒரே ஷேடில் 19 பெட்டிதான் இருந்தது, மீதி வேறு ஷேடு. ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று எடுங்கள் என்றார்கள். நடுவில் கதவும் படியும் இருந்தால் நானே அப்படிச் செய்திருப்பேன். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவே திறந்த வளைவுதான், தரை ஒரே ஓட்டம். முன்பணம் கட்டி அடுத்த சரக்குக்காக மூன்று வாரம் காத்திருந்தோம். "26 பெட்டி, ஒரே ஷேடு, ஒரே கேலிபர், பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வோம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

சரக்கு வந்த அன்று பக்கி வண்டியிலிருந்து இறக்க இறக்க ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் வாசித்தேன். 2 பெட்டியில் ஷேடு வேறு. அவற்றை அதே வண்டியில் திருப்பி அனுப்பினோம். மறுநாள் சரியானது வந்தது. அன்று பார்க்காமல் விட்டிருந்தால் பதித்த பிறகு கடையில் எதுவும் கேட்க முடியாது. பெரும்பாலான பெட்டிகளிலேயே அப்படி அச்சடித்திருக்கும்.

வேலை தொடங்குமுன் நாலைந்து பெட்டியிலிருந்து ஒவ்வொரு டைல் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பசையில்லாமல் பரப்பிப் பார்த்தோம். ஒரே ஷேடுக்குள்ளும் நூலளவு வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதால், தம்பி மூன்று பெட்டியை ஒன்றாகத் திறந்து மாற்றி மாற்றி எடுத்துப் போட்டார்.

முடிவில் சமையலறைக்கு 31 ஆனது, வெட்டும்போது ஒன்று உடைந்ததையும் சேர்த்து. ஹாலுக்கு 66. மிஞ்சிய 7 டைலையும், ஷேடு எண் தெரியும்படி கிழித்த பெட்டி அட்டையையும் மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். போன மாதம் சமையலறையில் தண்ணீர்க் குழாய் கசிந்து 2 டைலைப் பெயர்க்க வேண்டி வந்தது. மாற்றிப் போட்டாயிற்று; எந்த இரண்டு என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. படிக்குக் கீழே இன்னும் 5 இருக்கிறது.