பால் வரத்து அறிக்கையில் எண்களே வாக்கியங்களை எழுதும்படி செய்த அனுபவம்

நான் ஒரு பால் கூட்டுறவு ஒன்றியத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒவ்வொரு தடத்திலும் உள்ள சேகரிப்பு நிலையங்களின் பால் வரத்து, சராசரி விலை, பட்டுவாடா செய்த தொகை ஆகியவற்றை அட்டவணையாகத் தொகுத்து மாதாந்திர ஆய்வுக் கூட்டத்திற்கு அனுப்புவது எங்கள் பிரிவின் பொறுப்பு. கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் அட்டவணையைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: என்ன மாறியது, அதனால் நமக்கு என்ன? அவற்றுக்கான விடை அதே எண்களுக்குள் இருந்தும் ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகவே சொல்ல வேண்டியிருந்ததால், அட்டவணையின் தலைப்பில் சில தெளிவான வாக்கியங்களைத் தானாகவே எழுதித் தரும் ஒரு சிறு பைத்தான் நிரலை உருவாக்கத் தொடங்கினேன்.

வாக்கியத்தை எழுதுவது கடினமான வேலையாக இருக்கவில்லை. எதை எதோடு ஒப்பிடுவது என்று தீர்மானிப்பதில்தான் உழைப்பு முழுவதும் சென்றது. ஒரு தடத்தின் கணக்கை, எளிதில் பின்தொடர்வதற்காக எண்களை முழுமையாக்கி, இங்கே தருகிறேன். ஜனவரியில் அந்தத் தடத்திற்கு 1,24,000 லிட்டர் பால் வந்தது. சராசரி விலை லிட்டருக்கு 35 ரூபாய். பட்டுவாடா 43,40,000 ரூபாய். பிப்ரவரியில் வரத்து 1,14,800 லிட்டர், சராசரி விலை 36 ரூபாய், பட்டுவாடா 41,32,800 ரூபாய். வெறுமனே கழித்துப் பார்த்து எழுதினால், வரத்து 7.4 சதவீதம் குறைந்தது, பட்டுவாடா 2,07,200 ரூபாய் குறைந்தது என்று வரும். இரண்டும் சரியான எண்கள்தான் என்றாலும், அந்தத் தடத்தில் பால் குறைந்துவிட்டது என்ற தவறான எண்ணத்தையே அவை படிப்பவருக்குத் தரும். பிப்ரவரிக்கு 28 நாட்கள்தான். நாள் கணக்கில் பார்த்தால் வரத்து 4,000 லிட்டரிலிருந்து 4,100 லிட்டராக உயர்ந்திருக்கிறது.

ஆகவே தொகையில் ஏற்பட்ட மாற்றத்தை மூன்று பங்காகப் பிரிக்கும்படி நிரலை அமைத்தேன். இதில் `d` என்பது நாட்கள், `m` என்பது ஒரு நாள் வரத்து, `p` என்பது சராசரி விலை. 1 என்பது முந்தைய மாதம், 2 என்பது இந்த மாதம்.

```python
days_effect  = (d2 - d1) * m1 * p1
milk_effect  = d2 * (m2 - m1) * p1
price_effect = d2 * m2 * (p2 - p1)
```

மேற்கண்ட தடத்திற்கு இவை முறையே −4,20,000, +98,000, +1,14,800 ரூபாய். கூட்டினால் −2,07,200 என்று மிகச் சரியாக வருகிறது. எழுதப்பட்ட வாக்கியம் இப்படி அமைந்தது: "பிப்ரவரியில் பட்டுவாடா 2,07,200 ரூபாய் குறைந்தது. மாதத்தில் மூன்று நாட்கள் குறைவாக இருந்ததே இதற்குக் காரணம். நாள் வரத்தும் சராசரி விலையும் உயர்ந்துள்ளன." பெருக்கும் வரிசையை மாற்றினால் பங்குகளின் அளவு சற்று மாறும், கூட்டுத்தொகை மட்டும் மாறாது. எனவே எந்த வரிசையை எடுத்துக்கொண்டாலும் எல்லா மாதங்களுக்கும் அதையே பின்பற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தின் வாக்கியத்தை இன்னொரு மாதத்தினுடையதோடு ஒப்பிட முடியாது. பட்டியல் விலை மாறாதபோதும் பாலில் கொழுப்பும் இதரச் சத்தும் கூடினால் சராசரி விலை உயரும் என்பதால், 'விலை உயர்ந்தது' என்று எழுதாமல் 'சராசரி விலை உயர்ந்தது' என்றே எழுதும்படியும் விதித்தேன்.

தடத்தின் மொத்த எண்ணுக்குக் கீழே இன்னொரு செய்தி மறைந்திருந்தது. ஒரு நாளைக்கு 100 லிட்டர் உயர்வு என்பது, ஒரு நிலையத்தில் 240 லிட்டர் குறைந்து மற்ற நிலையங்களில் 340 லிட்டர் கூடியதன் விளைவு. எந்த நிலையத்தைப் பற்றி முதலில் சொல்வது என்பதைச் சதவீதத்தை வைத்துத் தீர்மானித்தால், 40 லிட்டரிலிருந்து 60 லிட்டருக்குச் சென்ற ஒரு சிறு நிலையம் 50 சதவீத உயர்வோடு முதலிடம் பெற்றுவிடும்; 1,200 லிட்டரிலிருந்து 960 லிட்டருக்கு இறங்கிய நிலையமோ 20 சதவீதத்தோடு பின்னால் போய்விடும். ஆகவே வரிசைப்படுத்துவது லிட்டரில்தான். சதவீதம் அதற்குத் துணையாக மட்டும் வரும். அதோடு, அந்த நிலையத்தின் கடந்த 24 மாத ஏற்ற இறக்கங்களின் நடு அளவைக் கணக்கிட்டு, அதைப் போல் இரு மடங்குக்கு மேல் மாறினால் மட்டுமே வாக்கியம் எழுதப்படும். வழக்கமான அசைவுக்கெல்லாம் வாக்கியம் எழுதினால், சில மாதங்களிலேயே எவரும் அவற்றைப் படிக்க மாட்டார்கள்.

அந்த 240 லிட்டர் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல, எங்களிடம் ஏற்கெனவே இருந்த இன்னொரு எண் உதவியது. ஜனவரியில் அங்கு நாள்தோறும் 150 உறுப்பினர்கள் பால் ஊற்றினார்கள். பிப்ரவரியில் 120 பேர். ஒருவருக்குச் சராசரியாக 8 லிட்டர் என்பது இரு மாதங்களிலும் மாறவில்லை. தீவனத் தட்டுப்பாடோ வெயிலோ காரணமாக இருந்திருந்தால் ஆட்கள் அப்படியே இருந்து தலைக்கு ஊற்றும் அளவு குறைந்திருக்கும். இங்கே மாடுகள் கறப்பது பெரும்பாலும் குறையவில்லை, பால் வேறிடம் போகிறது என்றே எண்கள் காட்டின. எனவே நிரல் எழுதியது: "நாள் வரத்து 1,200 லிட்டரிலிருந்து 960 லிட்டராகக் குறைந்தது. ஒருவர் ஊற்றும் அளவு மாறவில்லை; பால் ஊற்றுவோர் 150 பேரிலிருந்து 120 பேராகக் குறைந்துள்ளனர்." என்னைப் பொறுத்தவரை இந்த முயற்சி முழுவதிலும் மிகவும் பயன்பட்டவை இந்த இரு வாக்கியங்கள்தான்.

சொற்களின் அளவையும் முன்கூட்டியே வரையறுக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் வட கடல் எண்ணெய் மேடைகளுக்கான வானிலை முன்னறிவிப்பைத் தானாக எழுதும் 'சம்டைம்' என்ற அமைப்பை உருவாக்கியவர்கள், மாலை என்னும் சொல்லால் வானிலையாளர்கள் வெவ்வேறு நேரங்களைக் குறிப்பதைக் கண்டார்கள். தங்கள் அமைப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருளை நிலைப்படுத்தினார்கள். அதைப் பின்பற்றி, 'சற்று', 'கணிசமாக' என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை குறித்தேன். வேற்றுமை உருபுகளுக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. 'குளம்' என்று முடியும் ஊர் 'குளத்தில்' ஆகும், 'காடு' 'காட்டில்' ஆகும், 'ஊர்' 'ஊரில்' ஆகும். விதி எழுதி இவற்றை உருவாக்குவதைவிட, ஊர்ப் பெயரோடு 'நிலையம்' என்ற சொல்லைச் சேர்த்து 'நிலையத்தில்' என்று முடிப்பது எளிது. எண்ணை அடுத்து எப்போதும் லிட்டர், ரூபாய், பேர் என்ற சொல் வரும்படி செய்தால் உருபு இலக்கத்தோடு ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

வாக்கியங்கள் வெளியே போகும் முன் இரண்டு சோதனைகளை நிரல் செய்கிறது. கணக்கு வந்து சேராத நிலையத்தின் காலியிடத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டால் "வரத்து 100 சதவீதம் குறைந்தது" என்ற வாக்கியம் பிறந்துவிடும். எனவே காலியிடம் இருந்தால் "கணக்கு வரவில்லை" என்று மட்டும் எழுதி, அந்த நிலையம் உள்ள தடத்தின் ஒப்பீட்டையும் அது நிறுத்திவிடும். அடுத்து, எழுதி முடித்த வாக்கியத்திலிருந்து எண்களைத் திரும்பப் பிரித்தெடுத்து, அட்டவணையோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கும்.

முப்பது பேர் ஏன் வேறிடம் போனார்கள் என்பது எங்கள் அட்டவணையில் இல்லை. ஆகவே அதை நிரல் எழுதுவதும் இல்லை. அதற்காக நிலையச் செயலாளர் நிரப்பும் குறிப்புக் கட்டம் ஒன்றைச் சேர்த்தோம். அதில் எழுதப்படுவது "செயலாளரின் குறிப்பு" என்ற தலைப்பில், கணக்கிலிருந்து வந்த வாக்கியங்களோடு கலக்காமல், தனியே அச்சாகிறது. அந்த மாதம் அந்தக் கட்டம் காலியாகவே வந்தது. விரிவாக்க அலுவலர் நேரில் சென்று, பால் ஊற்றுவதை நிறுத்தியவர்களிடம் பேசிய பிறகே, தனியார் வண்டி பத்து நாளைக்கு ஒரு முறை பணம் தருகிறது என்பது தெரியவந்தது.